உங்களுக்குத் தெரியுமா? காசோலை திரும்பினால் காப்பீடு தொடங்கியிருக்காது

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64விபி பிரிவில், பிரீமியம் முன்னதாகக் கிடைத்தாலன்றி நிறுவனம் இடரை ஏற்கக் கூடாது என்பதால், காசோலை பணமின்றித் திரும்பும்போது பாலிசி கையில் இருந்தாலும், கைம்மாறு, அதாவது ஒப்பந்தத்துக்கு ஈடான தொகை, இல்லாமற்போய்க் காப்பு தொடங்கவே இல்லை எனக் கருதப்படலாம்.

கர்நாடக வழக்கொன்றில், 15.10.1997 தேதியிட்ட காசோலை திரும்பியதால் பாலிசி 6.11.1997-இல் ரத்தாகி, உரிமையாளருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தது; 6.2.1998-இல் நேர்ந்த விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர் ஏழைகள் என்பதால், நிறுவனம் இழப்பீட்டை வழங்கி உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என 2007 டிசம்பரில் பணித்தது.

ஆனால் ரத்து அறிவிப்பு விபத்துக்குமுன் உரிமையாளரை எட்டாவிடில், மூன்றாம் தரப்பினருக்கு, அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட பிறருக்கு, நிறுவனமே பொறுப்பு என்று 2012-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வாகன உரிமையாளர்கள், பாலிசி வந்ததோடு நிற்காமல், பிரீமியத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து கழிந்ததையும் சரிபார்க்க வேண்டும்.