பின்னங்காலில் ஒரு முள்

சம்பா பயிர் தூர் கட்டி நிற்கும்போது ஆடுதுறைப் பக்கத்து வயலில் இரவு விளக்குப்பொறி வைத்தால், காலையில் தட்டு நிறையப் பூச்சி. அதில் ஒன்று: பழுப்பு நிறம், நான்கு மில்லிமீட்டர் நீளம். புகையான் என்று விவசாயி பார்த்ததுமே சொல்லிவிடுவார். பூச்சியியல் மாணவரோ நிறத்தை நம்பக் கூடாது.

அவர் கையில் இருப்பது இருகிளைத் திறவுகோல். 1778இல் பிரான்ஸின் தாவரங்களைப் பற்றிய நூலில் லாமார்க் பிரபலமாக்கிய முறை இது. ஒவ்வொரு படியிலும் இரண்டே கூற்றுகள் இருக்கும். பொருந்தும் ஒன்று அடுத்த படியின் எண்ணைக் காட்டும்.

முதலில் சிறகு. இரண்டு ஜோடி இருப்பதால் ஈ வகை இல்லை. அடுத்தது வாய். பூச்சியை மல்லாத்தினால், ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் கால்களுக்கு நடுவே படிந்திருக்கிறது. கடித்து மெல்லும் தாடை இல்லை. ஆக, ஹெமிப்டிரா வரிசை. மூன்றாவது படி முன்சிறகைப் பற்றியது. பாதி தோல்போலத் தடித்து நுனி மட்டும் சவ்வாக இருந்தால் நாவாய்ப்பூச்சிகளின் பக்கம் போக வேண்டும். புகையான் முட்டைகளை உறிஞ்சித் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் இதே தூரில்தான் திரியும். இங்கே தவறினால் நண்பனைப் பகைவன் என்று எழுதிவிடுவோம். தட்டில் உள்ளதன் சிறகு முழுக்க ஒரே தன்மை, கூரைபோல் உடல்மேல் சரிந்திருக்கிறது. சிறகு கிழிந்திருந்தால் குழல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம்: நாவாய்ப்பூச்சிக்குத் தலையின் முன்புறம், தத்துப்பூச்சிக்குப் பின்னால் கழுத்தருகே.

இனி உணர்கொம்பு. இரு கண்களுக்கும் இடையில், முன்பக்கமாக முளைத்திருந்தால் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியின் குடும்பமான சிகாடெல்லிடே பக்கம் போகும். தட்டில் உள்ளதற்குக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே முளைத்திருக்கிறது.

கடைசிப் படிதான் தீர்ப்பு. பத்து மடங்கு லென்ஸில் பின்னங்காலின் கெண்டைப் பகுதி முடியும் இடத்தில் ஒரே ஒரு பெரிய முள் தெரிகிறது. ஊசிமுனையால் தொட்டால் அசைகிறது. அசையும் முள் இருந்தால் டெல்பாசிடே. சிகாடெல்லிடேவின் காலிலும் முள் உண்டு. ஆனால் அவை சிறியவை, நீளவாக்கில் வரிசையாக நிற்பவை. டெல்பாசிடேவின் முள் சில நேரம் காலோடு ஒட்டி மடங்கியிருக்கும். மேலிருந்து மட்டும் பார்ப்பவர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு வேறு குடும்பத்துக்குப் போய்விடுவார். காலைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. பொறியில் கால் உதிர்ந்திருந்தால் வேறு பூச்சியை எடுப்பது நல்லது.

பெரிய சிக்கல் தூரிலிருந்து பொறுக்கியவற்றில் வரும். புகையானில் குட்டைச் சிறகிகள் உண்டு. சிறகு வயிற்றின் பாதியைத்தான் மூடும். அவசரக்காரர் அதைச் சிறகில்லாப் பூச்சி என்று கொண்டால் முதல் படியே கோணல். குஞ்சுக்குத்தான் சிறகு இராது, தடித்த மொட்டு மட்டும் இருக்கும். குட்டைச் சிறகில் நரம்புகள் தெளிவாக ஓடும். பெரும்பாலான திறவுகோல்கள் வளர்ந்த பூச்சிக்கென எழுதப்பட்டவை என்பதால், குஞ்சை வைத்துக்கொண்டு படியேறுவதில் பயனில்லை.

டெல்பாசிடே என்று வந்தாலும் விவசாயி சொன்ன பெயர் இன்னும் உறுதியாகவில்லை. வெண்முதுகுத் தத்துப்பூச்சிக்கும் அதே குடும்பம், அதே முள். இரண்டையும் பிரிக்க இனங்களுக்கான தனித் திறவுகோல் வேண்டும்.