பழைய பணியாளருக்காக பிரெஞ்சில் எழுதும் நற்சான்றுக் கடிதம்

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் வர்த்தகர்களுக்கு இப்போது அடிக்கடி ஒரு கடிதம் வருகிறது. நம்மிடம் சில வருடம் வேலை செய்து விலகிய ஒருவர் பெரிய சுப்பர்மார்க்கெட்டிலோ மொத்த விற்பனை நிறுவனத்திலோ விண்ணப்பித்திருப்பார். அங்கே ஆள் எடுப்பவர், "இவர் உங்களிடம் வேலை செய்தாரா? எப்படிப்பட்டவர்?" என்று நம்மிடம் கேட்டு எழுதுவார். இதற்கு என்ன பதில் எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று அங்கத்தவர்கள் பலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறோம்.

இரண்டு தாள்கள், இரண்டு கடமைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பணியாளர் விலகும்போது நாம் கொடுக்கும் "செர்த்திஃபிகா து திராவாய்" என்னும் வேலைச் சான்று கட்டாயமானது. வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலையின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். ஆளைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் அதில் இருக்கக்கூடாது. என்ன காரணத்தால் விலகினார் என்பதையும் அதில் எழுதுவதில்லை.

ஆள் எடுப்பவருக்கு எழுதும் நற்சான்றுக் கடிதம் வேறு. அதை எழுத வேண்டுமென்று சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. "நாங்கள் தேதிகளையும் வேலையின் பெயரையும் மட்டுமே உறுதிப்படுத்துவோம்" என்று பதில் அனுப்பலாம். ஆனால் ஒருவருக்கு இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டு இன்னொருவருக்குத் தேதி மட்டும் கொடுத்தால், வாசிப்பவர் அந்த மௌனத்தையே குறையாக எடுத்துக்கொள்வார். ஆகவே எந்த வழக்கத்தை எடுத்தாலும் எல்லாப் பணியாளருக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேட்பவர் உண்மையில் ஆள் எடுப்பவர்தானா என்று பாருங்கள். கடன் வசூலிப்பவரோ குடும்பத் தகராறில் இருப்பவரோ இதே சாட்டை வைத்து ஒருவரைப் பற்றி விசாரிக்கலாம். தொலைபேசியில் கேட்டால், "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பேச்சில் நாம் நினைத்ததைவிட அதிகம் சொல்லிவிடுவோம். பிறகு என்ன சொன்னோம் என்பதற்கு ஆதாரமும் இருக்காது. கடிதம் வந்தபின், அந்த நிறுவனத்தின் பொது இலக்கத்துக்கு நாமே அழைத்து, கடிதத்தில் கையெழுத்திட்டவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்கலாம்.

அடுத்து, பழைய பணியாளரையே அழையுங்கள். விண்ணப்பதாரருக்கு முன்கூட்டித் தெரிவிக்காத வழியில் அவரைப் பற்றிய தகவலைத் திரட்டக்கூடாது என்று பிரெஞ்சுத் தொழில் சட்டம் சொல்கிறது. இந்தப் பொறுப்பு ஆள் எடுப்பவருடையது. ஆனாலும், "இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது, பதில் எழுதவா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நமக்கும் பாதுகாப்பு. அவர் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

மூன்றாவதாக, அவருடைய கோப்பை மேசையில் வையுங்கள். வேலைச் சான்றின் பிரதி, ஒப்பந்தம், கடைசிச் சம்பளத் தாள் ஆகிய மூன்றும் போதும். நினைவிலிருந்து தேதி எழுதக்கூடாது. விண்ணப்பதாரர் தன் வேலைச் சான்றை ஏற்கெனவே அங்கே கொடுத்திருப்பார். நம் கடிதத்தில் ஒரு மாதம் வித்தியாசம் இருந்தால் அவர்மீதே சந்தேகம் விழும். "அண்ணை, ஒரு ஆறு மாதம் கூட்டிப் போடுங்கோ" என்று அவரே கேட்டாலும் செய்யக்கூடாது. உண்மைக்கு மாறான விவரத்தோடு சான்று எழுதிக் கொடுப்பது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டப்படி குற்றம். 1 வருடச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம்.

ஒரு கடிதத்தை எடுத்துப் பார்ப்போம்

உதாரணமாக ஒரு பணியாளரை வைத்துக்கொள்வோம். 2019 மே 2 முதல் 2023 ஆகஸ்ட் 31 வரை ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். சம்பளத் தாளில் வேலையின் பெயர் "அம்ப்ளுவாயே பொலிவலான்", அதாவது பல வேலையும் பார்க்கும் பணியாளர். காலையில் மரக்கறி இறக்கினார், தட்டுகளை நிரப்பினார். 2021 முதல் மாலையில் காசுமேசையில் இருந்து, இரவில் கணக்கும் முடித்தார். கடைசி எட்டு மாதத்தில் காலைத் திறப்புக்குச் சில நாள் பிந்தி வந்தார். ஒரு வருடம் மூன்று வாரம் சுகவீன விடுப்பில் இருந்தார். ஒரு நாள் காசுமேசையில் 140 யூரோ குறைந்தது. அன்று அந்த மேசையில் மூன்று பேர் இருந்தார்கள், யார் என்று தெரியவில்லை. விலகும்போது விடுமுறைச் சம்பளம் பற்றி முதலாளியோடு தகராறு வந்து, "ப்ருதோம்" என்னும் தொழில் நீதிமன்றத்துக்கும் போனார்.

ஆள் எடுப்பவரின் கேள்விகள் ஐந்து: எவ்வளவு காலம் வேலை செய்தார், என்ன வேலை, நேரத்துக்கு வருவாரா, காசு விடயத்தில் நம்பலாமா, திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா.

முதல் இரண்டுக்கும் பதில் கோப்பில் இருக்கிறது. வேலையின் பெயரைச் சம்பளத் தாளில் உள்ளபடியே எழுதி, உண்மையில் செய்த வேலைகளை அடுத்த வரியில் எழுத வேண்டும். உதவி செய்யும் எண்ணத்தில் "பொறுப்பாளர்" என்று பதவியை உயர்த்தினால், தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியில்தான் நியாயம் சோதிக்கப்படுகிறது. "நேரம் தவறாதவர்" என்று எழுதினால் பொய். "பிந்தி வருபவர்" என்று எழுதினால் நான்கு வருடத்தையும் எட்டு மாதத்துக்குள் அடைத்துவிடுகிறோம். எவ்வளவு, எப்போது, பிறகு என்ன நடந்தது என்று எழுதினால் உண்மை முழுதாக வரும். அதுவும் வரவுப் பதிவிலோ முன்பு கொடுத்த எழுத்து எச்சரிக்கையிலோ காட்ட முடிந்ததாக இருக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விடுவதே சரி.

நான்காவது, அந்த 140 யூரோ. யார் எடுத்தது என்று தெரியாத காசை ஒருவர் பெயரோடு சேர்த்து எழுத முடியாது. "இந்த விடயத்தில் கவனமாக இருங்கள்" என்று சாடையாகச் சொல்லவும் கூடாது. வேலை கிடைக்காமல் போனால், நம்முடைய தவறால் நட்டம் வந்தது என்று அவர் நம்மீது வழக்கு வைக்கலாம். அதே சமயம், மனதில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு "முழுக்க முழுக்க நம்பலாம்" என்றும் எழுதத் தேவையில்லை. அவரிடம் கொடுத்த பொறுப்பை எழுதினால் போதும். இரண்டரை வருடம் இரவுக் கணக்கை ஒருவரிடம் விட்டிருந்தோம் என்பதே ஒரு சாட்சி.

ஐந்தாவது கேள்விக்கு, எடுப்போம் என்றால் எழுதலாம். மனமில்லை என்றால் அந்தக் கேள்வியைத் தொடாமல் விடலாம்.

சுகவீன விடுப்பை ஒரு சொல்லாலும் எழுதக்கூடாது. உடல்நிலை, கர்ப்பம், குடும்ப நிலை, மதம், பிறந்த நாடு, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் காட்டி ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடுவது பிரான்சில் தண்டனைக்குரிய பாகுபாடு. அதற்கான தகவலை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது. தொழில் நீதிமன்றத்துக்குப் போனது அவருடைய உரிமை. அதுவும் கடிதத்துக்குள் வராது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், அதை விண்ணப்பதாரரிடமே கேட்கச் சொல்லலாம்.

இத்தனையும் பார்த்தபின் கடிதத்தின் உடல், தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"மதாம், முசியே, உங்கள் கடிதத்துக்குப் பதிலாக, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர் எமது கடையில் 2019 மே 2 முதல் 2023 ஆகஸ்ட் 31 வரை பல வேலையும் பார்க்கும் பணியாளராக வேலை செய்தார். மரக்கறி இறக்குவதும் தட்டுகளை நிரப்புவதும் அவருடைய வேலை. 2021 முதல் மாலையில் காசுமேசையையும் இரவுக் கணக்கையும் அவரிடம் ஒப்படைத்திருந்தோம். வேலையைக் கவனமாகச் செய்தார்; வாடிக்கையாளர்களிடம் மரியாதையாக நடந்தார். கடைசி எட்டு மாதத்தில் காலைத் திறப்புக்குச் சில தடவை 10 முதல் 20 நிமிடம் பிந்தினார்; மாலை முறைக்கு மாற்றியபின் பிந்தவில்லை."

இதை வாசிக்கும் சுப்பர்மார்க்கெட் அவரை மாலை முறைக்கு எடுக்கலாம் என்று தீர்மானிக்க முடியும். வெறும் புகழ்ச்சிக் கடிதத்தில் அந்த உதவி கிடைக்காது.

சொற்களின் எடை

பிரெஞ்சில் எழுதும்போது சில சொற்களின் எடையை அறிந்திருக்க வேண்டும். "ஆந்தியேர் சத்திஸ்ஃபக்சியோன்", அதாவது முழுத் திருப்தி என்பது நல்ல பாராட்டு. "ஆந்தியேர்" என்ற சொல்லை விட்டு வெறும் திருப்தி என்று எழுதினால், ஏதோ குறை இருந்ததாக ஒரு பிரெஞ்சு முதலாளி வாசிக்கக்கூடும். "தன்னால் இயன்றதைச் செய்தார்" என்று நாம் தமிழில் அன்பாகச் சொல்வதை அப்படியே பிரெஞ்சில் போட்டால், முயன்றும் முடியாதவர் என்ற பொருள் வந்துவிடும். ஆகவே பிள்ளைகளிடமோ கணக்காளரிடமோ மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது, கருத்தைச் சொல்லி, "இதை வாசிக்கும் பிரெஞ்சுக்காரர் என்ன நினைப்பார்?" என்று கேளுங்கள். புரியாத வரியின் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடிதத்தைக் கடையின் பெயரும் 14 இலக்க சிரெத் எண்ணும் உள்ள தாளில் எழுதி, அவரை நேரில் மேற்பார்த்தவரே கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதியை அவருடைய கோப்பில் வைத்திருங்கள்.

இன்னொன்று: ஆள் எடுப்பவரிடம் தன்னைப் பற்றி இருக்கும் தகவலைப் பார்க்க விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. நாம் எழுதிய கடிதம் நாளை அவர் கைக்கு வரலாம். அதனால் தபாலில் போடுமுன் ஒரு தடவை, அவர் கடையில் நம் முன்னால் நின்று வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். அப்போது சொல்லத் தயங்கும் வரி எதுவும் இருந்தால், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கோப்பை இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டும்.