மாதவிடாய் நின்ற பின் மது: பேசப்படாத பாதிப்பு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். கல்வராயன் மலையில் காவல் துறை சாராய ஊறல்களை அழித்தது; மெத்தனால் வந்த வழி விசாரிக்கப்பட்டது. ஆனால், அந்தப் பெண்கள் ஏன் குடித்தார்கள், கலப்படமில்லாத மது அவர்களை என்ன செய்திருக்கும் என்ற கேள்விகள் அதிகம் எழவில்லை.

உழைக்கும் பெண்கள் பலர் சொல்லும் காரணம் உடல்வலியும் தூக்கமின்மையும். நம் நாட்டில் 46, 47 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு சிறு மாற்றத்தையும் தாங்குவதில்லை. திடீரென முகமும் மார்பும் கொதித்து வியர்க்கின்றன. மது தோலின் ரத்த நாளங்களை விரிப்பதால் சிலருக்கு இது கூடுகிறது. எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கத்தின் கதை இன்னும் தெளிவானது. குடித்தவுடன் கண் அயரும். ரத்தத்தில் மது குறையக் குறைய, பின்னிரவில் விழிப்பு வரும். அதைச் சரிசெய்ய மறுநாள் அளவு கூடும்.

மார்பகத்துக்கு வரும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. சினைப்பை ஓய்ந்த பிறகு, கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. மது அதன் அளவை உயர்த்துகிறது. மாதவிடாய் நின்ற 51 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்கள் தினமும் 30 கிராம் ஆல்கஹால் அருந்தியபோது ஒருவகை ஈஸ்ட்ரோஜன் சுமார் 11% உயர்ந்தது.

30 கிராம் என்பது எவ்வளவு? மதுக்கடையில் விற்கும் 180 மி.லி. ‘குவார்ட்டர்’ பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதில் பாதிதான் அந்த அளவு. தினமும் 10 கிராமுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 7 முதல் 10% கூடுகிறது என்பதால், அரை குவார்ட்டருக்கு ஏறத்தாழ கால் பங்கு கூடும். இந்தியாவில் நூறு பெண்களில் மூன்று, நான்கு பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது எனில், நூறு பேரும் அப்படிக் குடித்தால் இன்னொருவர் சேர்வார். பெரும் பீதிக்கு இடமில்லை. என்றாலும் அந்த ஒருவர் தவிர்க்கக்கூடியவர். பாக்கெட் சாராயத்திலோ இந்தக் கணக்கும் சாத்தியமில்லை. அதன் வீரியம் காய்ச்சியவருக்கே தெரியாது.

எப்போதாவது குடிப்பவர், இரண்டு வாரம் நிறுத்திவிட்டு இரவு விழிப்பையும் வியர்வையையும் குறித்துப்பார்த்தால், மதுவின் பங்கு தனக்கே புரியும். தினமும் நிறையக் குடிப்பவர் இப்படித் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவர் துணை தேவை. மார்பில் வலியற்ற கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே பரிசோதனை வேண்டும். வலி இல்லை என்பதாலேயே பலர் தாமதிக்கிறார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை உண்டு. அங்கே குடிப்பழக்கம் பற்றிய கேள்வி பெண்களிடமும் கேட்கப்படாவிட்டால், மலைக் கிராமப் பெண் தானாக அதைச் சொல்லப்போவதில்லை.