மூட்டைக்கு எத்தனை மில்லி?

அட்மிக்சர் கேனில் ‘சிமெண்ட் எடையில் 0.6 சதவீதம்’ என்றிருந்தால், 50 கிலோ மூட்டைக்கு 300 கிராம். பலர் இதையே 300 மில்லியாக ஊற்றிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. இந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனம். கேனில் அடர்த்தி 1.2 என்றிருந்தால் 300-ஐ 1.2-ஆல் வகுக்க வேண்டும்: மூட்டைக்கு 250 மில்லி. ஒரு கன மீட்டருக்கு ஏழு மூட்டை போட்டால் 1,750 மில்லி, அதாவது ஒன்றே முக்கால் லிட்டர்.

மூடியால் அளக்காதீர்கள், கோடு போட்ட அளவுக் குவளை வாங்குங்கள். உலர்ந்த சிமெண்டில் நேரே ஊற்றாமல், கடைசியாகச் சேர்க்கும் தண்ணீரில் கலந்து மிக்சரில் விடுங்கள். அளவு மிஞ்சினால் ஜல்லி அடியில் தங்கும், மேலே பால் போலத் தண்ணீர் மிதக்கும், மறுநாளும் கான்கிரீட் இறுகாமல் நிற்கலாம்.