மஞ்சளுக்கு மேல் ஒரு மஞ்சள்

வங்கதேச கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டபோது, அது எங்கிருந்து வந்தது என்பது முதலில் பிடிபடவில்லை. பக்கத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லாத வீடுகளிலும் அது இருந்தது. மண், அரிசி, டப்பா உணவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு, டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து, கடைசியில் அஞ்சறைப்பெட்டிக்கு வந்து நின்றது. ரத்தத்திலிருந்த காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம், மஞ்சளில் கலந்த சாயத்தின் விகிதத்தோடு ஒத்துப்போனது. ஆய்வு 2019-இல் வெளியானது.

அந்தச் சாயம் லெட் குரோமேட். மரச்சாமான், சாலைக்கோடு போன்றவற்றுக்கான பெயின்ட்டில் பளிச்சென்ற மஞ்சள் நிறம் தருவது. 1980-களில் ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போன மஞ்சளை விற்க, வியாபாரிகள் இதைப் பூச ஆரம்பித்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்கிறது. காய்ந்த விரலி மஞ்சளைத் தோல் நீக்கி மெருகேற்றும்போதே சாயத்தையும் தூவிவிடுவார்கள். பூச்சி அரித்த கிழங்கும் மங்கிய கிழங்கும் முதல் தரம்போல் மின்னும். அரைத்தபின் எல்லாம் ஒரே பொடி.

கணக்கு அச்சுறுத்துகிறது. மோசமான மாதிரிகளில் ஒரு கிராம் மஞ்சளுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அப்படிப்பட்ட பொடியில் அரை கிராம் குழம்பில் சேர்ந்து ஒருவர் வயிற்றுக்குப் போனால் 500 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் ஒருநாள் எல்லையோ வெறும் 2.2.

காரீயம் உடலுக்குள் கால்சியம்போல வேடமிடுகிறது. நச்சியல் வல்லுநர்களின் கவலை இங்கேதான். கால்சியம் நுழையும் வழியில் மூளைக்குள் போய், வளரும் நரம்புகளின் இணைப்பைக் குலைக்கிறது. குழந்தையின் அறிவுத்திறனும் கவனமும் குறைகின்றன. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்பகாலத்தில் எலும்பு கரையும்போது ரத்தத்துக்குத் திரும்பி, கருவையும் எட்டுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடனே காட்டிக்கொடுக்கும் விஷமல்ல இது. தினம் ஒரு சிட்டிகையாகச் சேர்வது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயத்தின் இன்னொரு பாதியான குரோமியமும், ஆலைத் தூசியாக மூச்சில் ஏறினால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

வங்கதேசம் இதைத் தடுத்துக் காட்டியது. 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை அறிவிப்புகளைப் பரப்பியது. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில், கையடக்க எக்ஸ்ரே கருவியால் அந்த இடத்திலேயே சோதித்து, கலப்பட மஞ்சள் விற்ற வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. அது தொலைக்காட்சியிலும் வந்தது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது; 2021-இல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் அளவு இறங்கியது.

ஆனால் எல்லைக்கு இப்பால் கதை முடியவில்லை. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களிலும் 1000 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்தன என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் சட்ட வரம்பு கிராமுக்கு 10.

வீட்டில் சோதிக்க, விரலி மஞ்சளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். உடனே பளீரென்று நிறம் பிரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நிறம் பிரியாதது நற்சான்றிதழ் ஆகாது. சிறிய அளவிலான காரீயம் கண்ணுக்குப் பிடிபடாது. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.