‘நல்லா இருக்கியாப்பா?’ என்று கேட்கும் தெரியாத எண்

“தம்பி, நல்லா இருக்கியாப்பா? பேத்திக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்து வச்சிருக்கோம். குடும்பத்தோட வந்துரணும்.”

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது. எண் உங்களிடம் பதிவாகவில்லை, படத்தில் இருப்பவரையும் தெரியவில்லை. பேசாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பெரியவர் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார். சேரவேண்டியவருக்கு அழைப்பு சேர்ந்திருக்காது. சொந்தத்துக்குள் மனத்தாங்கல் வருவதற்கு இது போதும். அதனால் இத்தகைய செய்திக்கு ஒரே ஒரு பதில் எழுதிவிடுவதே முறை என்பேன்.

“வணக்கம் ஐயா. இது நீங்கள் தேடுபவரின் எண் இல்லை. எண்ணைச் சரிபார்த்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.” இவ்வளவு போதும். இதில் உங்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை. “நான் முருகன் இல்லீங்க, செல்வம்” என்று நம்மையறியாமல் பெயரைச் சொல்லிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். “நீங்க யாரு?” என்றும் கேட்க வேண்டாம். கேள்வி கேட்டால் அடுத்த பேச்சுக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

சில சமயம் எண் தவறாகவே இருக்காது. நம் நாட்டில் பயன்பாட்டில் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்கள் புதிதாக வாங்கிய சிம்முக்கு, பழைய உரிமையாளரின் உறவினர்கள் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு, “இந்த எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அவருடைய புதிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் தொல்லை தீரும்.

வெறும் எழுத்தில் பதில் அனுப்புவதால் யாரும் உங்கள் போனுக்குள் நுழைந்துவிட முடியாது. இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், பதிலும் சொல்கிறார் என்பது மட்டும் எதிராளிக்குத் தெரியும். கவனிக்க வேண்டியது உங்கள் பதிலுக்குப் பிறகு வருகிற செய்தியைத்தான். உண்மையாகவே தவறிப்போய் அனுப்பியவர், “மன்னிச்சுக்கோப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏமாற்ற வந்தவர் போகமாட்டார்.

“ஹாய் பிரியா, நாளைக்குச் சந்திப்பு உறுதிதானே?” என்று ஒன்று வருகிறது. தவறான எண் என்கிறீர்கள். “அடடா, என் உதவியாளர் எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டார். நீங்கள் இவ்வளவு தன்மையாகப் பதில் சொல்கிறீர்களே! எந்த ஊர்?” என்று பேச்சு நீளுகிறது. அதன்பின் தினமும் காலை வணக்கம், சாப்பாட்டுப் படம், குடும்பக் கதை. சில வாரம் கழித்துத்தான் கிரிப்டோ, பங்கு வர்த்தகம் என்று ஏதோ ஒரு செயலியின் பேச்சு வரும். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு எடுக்க விடுவார்கள். நம்பிக்கை வந்து பெரிய தொகை போட்டபின், எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். திரையில் தெரிந்த லாபம் வெறும் எண்தான்.

ஆகவே இரண்டாவது செய்தி நட்பு பாராட்டினால் பதில் வேண்டாம். திட்டவும் வேண்டாம், திட்டும் பதில்தான், பேச்சு தொடரத்தான் செய்யும். தட்டச்சு செய்பவரே அடைபட்டுக் கிடப்பவராகவும் இருக்கலாம். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிப்பட்ட மோசடிக் கூடங்களில் கட்டாயப்படுத்தப்பட்டு வேலை செய்யக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கியவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் அந்த எண்ணைப் புகாரளித்து முடக்கிவிடுங்கள். அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். புகார் செய்தது அவருக்குத் தெரிவிக்கப்படாது.

மூன்று இடங்களில் அந்த ஒரு பதில்கூட வேண்டாம். +91 அல்லாத, உங்களுக்குத் தொடர்பே இல்லாத நாட்டு எண்ணிலிருந்து வரும் வணக்கம் ஒன்று. “என் ஆறு இலக்கக் குறியீடு தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்” என்ற வேண்டுகோள் இன்னொன்று. அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கையே திறக்கும் சாவியாக இருக்கலாம். மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பு. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். பெயரின் கடைசியில் `.apk` என்றிருந்தால் அது போனில் நிறுவப்படும் செயலி, தொடவே கூடாது.

பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சான்று.