ஹாட்ஸ்பாட்டில் நுழைந்தவர் யார்?

கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் அது ஒரு சிறிய வைஃபை நிலையமாகிவிடுகிறது. சிம் வழியே வரும் டேட்டா, அருகில் இருக்கும் கருவிகளுக்கும் போகத் தொடங்குகிறது. நிலையத்தின் பெயர் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லோருடைய திரையிலும் தெரியும். கடவுச்சொல் தெரிந்தவர் மட்டுமே உள்ளே வரலாம். யார் வந்து பயன்படுத்தினாலும் டேட்டா கழிவது சிம் வைத்திருப்பவரின் கணக்கில்தான்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இரண்டையும் அமைப்புகளில் உள்ள ஹாட்ஸ்பாட் பக்கத்தில் மாற்றலாம். ஐபோனில் கடவுச்சொல் மட்டுமே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கைப்பேசிக்கு வைத்த பெயரே ஹாட்ஸ்பாட்டின் பெயராகவும் வரும். சொந்தப் பெயரையோ வீட்டு எண்ணையோ பெயராக வைத்தால், அது யாருடைய கைப்பேசி என்பதை எல்லோருக்கும் அறிவித்ததாகிவிடும். சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு சொல்லே போதும். பெயரை மறைத்து வைக்கும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. ஆனால் மறைந்த பெயரைக் கண்டுபிடிக்கும் செயலிகளும் இருப்பதால் அதைப் பாதுகாப்பாகக் கருதக் கூடாது.

கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 12345678 என்றோ தங்கள் கைப்பேசி எண்ணையோ வைத்துவிடுகிறார்கள். எண் தெரிந்த நண்பர், கடைக்காரர், கூரியர்காரர் எல்லோருக்கும் அப்போது கதவு திறந்தே இருக்கிறது. எண் தெரியாதவருக்கும் அது பெரிய தடையல்ல. WPA2 என்ற பாதுகாப்பு முறையில், ஒரு கருவி இணையும்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வேறொரு கணினியில் சாவகாசமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். வெறும் இலக்கங்களாக இருந்தால் அந்த ஊகம் சீக்கிரம் பலித்துவிடும். சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களை நடுவே எண்களோடு கோத்து வைத்தால் நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். கைப்பேசியில் WPA3 இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. அப்படிப் பிடித்து வைத்து ஊகிப்பதை அது தடுக்கிறது. பழைய மடிக்கணினி இணைய மறுத்தால் மட்டும் WPA2/WPA3 இரண்டும் கலந்த தேர்வுக்கு வரலாம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய திட்டத்தில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. காலையில் மடிக்கணினியில் கொஞ்ச நேரம்தான் வேலை பார்த்தார். மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. அவர் முதலில் பார்க்க வேண்டியது டேட்டா பயன்பாட்டுப் பக்கம். ஹாட்ஸ்பாட் வழியாகப் போனது எவ்வளவு என்று அதில் தனியாகக் காட்டும். பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது என்றால், அடுத்து ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இந்தப் பட்டியல் இருக்கிறது. ஐபோனில் எத்தனை கருவிகள் என்ற எண்ணிக்கை தெரியும்.

பட்டியலில் வரும் பெயர்களை அப்படியே நம்ப முடியாது. கருவியின் பெயரை யாரும் மாற்றலாம். சில நேரம் பெயரே இருக்காது. ஆகவே தன் மடிக்கணினி, டேப்லெட் ஒவ்வொன்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்பதே சரியான வழி. எல்லாம் அணைந்த பிறகும் ஒன்று மிஞ்சினால் அது வெளியாள். பெரும்பாலும் அவர் முன்பின் தெரியாதவராகவும் இருக்க மாட்டார். என்றோ ஒருநாள் அவசரத்துக்குக் கடவுச்சொல் வாங்கிய பக்கத்து அறைக்காரரின் கைப்பேசி அதைச் சேமித்து வைத்து, ஹாட்ஸ்பாட் இயங்கும்போதெல்லாம் தானே வந்து இணைந்துகொள்ளும். அவர் அதைக் கியூஆர் குறியீடாகக் காட்டி இன்னொருவருக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கருவியைத் தடைசெய்யும் பொத்தான் சில கைப்பேசிகளில் உண்டு. உடனடி நிவாரணமாக அது உதவும். ஆனால் தடை பிடித்துக்கொள்வது கருவியின் மேக் முகவரியை. இன்றைய கைப்பேசிகள் அந்த முகவரியை மாற்றிக்காட்ட வல்லவை. வேறு முகவரியோடு அதே கருவி திரும்ப வரலாம். நிச்சயமான வழி கடவுச்சொல்லை மாற்றுவது. மாற்றியதும் பழைய கடவுச்சொல்லைச் சேமித்த எல்லாக் கருவிகளும் வெளியே நின்றுவிடும். மாணவர் தன் கருவிகளில் மட்டும் புதியதைத் தட்டச்சு செய்தால் போதும். இனி யாருக்காவது கொடுக்க நேர்ந்தால், அவர் வேலை முடிந்ததும் மறுபடி மாற்றிவிட வேண்டும். யாரும் இணையாதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும் வசதியையும் இயக்கி வைக்கலாம்.

வெளியாள் யாரும் இல்லாமலே டேட்டா கரைந்தால் சந்தேகம் மடிக்கணினியின் மீது திரும்ப வேண்டும். வைஃபை என்றாலே அளவில்லாத இணைப்பு என்று எண்ணி அது பின்னணியில் பெரிய அப்டேட்டுகளை இறக்கும், புகைப்படங்களைக் கிளவுடில் ஏற்றும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளில் Metered connection என்பதை இயக்கிவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும்.